நாணயத்தோடு எடுத்த படத்திலிருந்து மீனின் எடையைக் கணக்கிடும் முறை

பினாங்கில் பல குடும்பங்கள் சந்தைக்கு நேரில் சென்று மீன் வாங்குவதோடு, புலனத்தில் வரும் படத்தைப் பார்த்தும் முன்கூட்டியே சொல்லி வைக்கின்றன. தெலுக் பஹாங் பக்கத்திலிருந்தோ பத்து மாவுங் பக்கத்திலிருந்தோ ஒருவர் காலையில் படத்தை அனுப்பி, “அக்கா, சியாக்காப் வந்திருக்கு, எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்பார். படத்தை மட்டும் பார்த்து அந்த மீன் ஐந்நூறு கிராமா, ஒரு கிலோவா என்று சொல்வது கடினம். கேமராவுக்கு நெருக்கமாகப் பிடித்த சிறிய மீனும் சற்றுத் தள்ளி வைத்த பெரிய மீனும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். மீனோடு ஒரு நாணயமும் படத்தில் இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது, ஏனெனில் நாணயத்தின் விட்டம் நமக்கு முன்பே தெரிந்த அளவு. அதைக் கொண்டு மீனின் நீளத்தையும், நீளத்தைக் கொண்டு எடையையும் கணக்கிடலாம். இதுவரை செய்து பழகாதவர்களுக்காக, சியாக்காப் எனப்படும் கொடுவா மீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரே இனத்தைச் சேர்ந்த மீன் நீளத்தில் வளரும்போது உயரத்திலும் தடிப்பிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வளர்கிறது. ஆகவே எடையானது நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நீளத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாக அளந்துவிட்டால், எடை முப்பத்துமூன்று விழுக்காடு கூடுதலாக வந்து நிற்கும். நீளத்தில் நுழையும் ஒவ்வொரு சிறு பிழையும் எடையில் மூன்று மடங்காகிவிடுகிறது என்பதால்தான், கீழே நாணயத்தைப் பற்றியும் அதை வைக்கும் இடத்தைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நாணயம்

மலேசியாவில் இப்போது இரண்டு வரிசை நாணயங்கள் கலந்தே புழங்குகின்றன. 1989இல் வந்த வரிசையில் 50 காசு வெள்ளி நிறமுடையது. அதில் வாவ் பட்டம் பொறிக்கப்பட்டிருக்கும், விட்டம் ஏறக்குறைய 27.8 மில்லிமீட்டர். 2012இல் வந்த வரிசையில் 50 காசு பொன்னிறமுடையது, விட்டம் 22.65 மில்லிமீட்டர். இரண்டுமே “ஐம்பது காசு” தான் என்பதால் விற்பவரிடம் “அம்பது காசு ஒண்ணு வச்சு எடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னால் எது படத்தில் வரும் என்று தெரியாது. பழைய நாணயத்தைப் புதியதென்று எண்ணிக் கணக்கிட்டால், உண்மையில் அறுநூறு கிராம் உள்ள மீன் முந்நூற்று இருபத்தைந்து கிராம் என்று வரும். புதியதைப் பழையதென்று எண்ணினால் அதே மீன் ஆயிரத்து நூறு கிராமாகிவிடும். இந்த முறையில் நேரக்கூடிய தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. நாணயத்தின் நிறத்தைப் பார்த்தாலே இதைத் தவிர்த்துவிடலாம் என்பதால், படம் வந்ததும் முதலில் நாணயம் பொன்னிறமா வெள்ளி நிறமா என்று பாருங்கள்.

பொன்னிற 20 காசின் விட்டம் 20.6 மில்லிமீட்டர். மங்கலான படத்தில் இதையும் பொன்னிற 50 காசையும் பிரித்தறிவது எளிதன்று. எனவே ஒரே வகை நாணயத்தையே எப்போதும் பயன்படுத்துவது நல்லது. என் தேர்வு பொன்னிற 50 காசு. அது எல்லார் பையிலும் இருக்கும், ஈரமான தட்டின்மீது நிறம் தெளிவாகத் தெரியும், புதிய வரிசையில் அதுவே பெரியது. சிலர் நாணயத்துக்குப் பதிலாக அடையாள அட்டையை வைத்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அட்டை பெரியது, அதனால் அளப்பதற்கு வசதியானது என்பது உண்மைதான். ஆனாலும் பெயரும் எண்ணும் உள்ள அட்டையை மீனுக்காக ஊரெல்லாம் அனுப்புவது தகாது.

நாணயத்தை வைக்கும் இடம்

புதியவர்கள் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான். தட்டில் படுத்திருக்கும் சியாக்காப்பின் தடிப்பு நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கும். அதன் மூக்கு நுனியும் வால் பிடிக்கும் இடமும் தட்டின் பரப்பில் இல்லை, தடிப்பின் நடுவே, ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நாணயமோ தட்டின்மேல் கிடக்கிறது. ஆகவே மீனின் ஓரக்கோடு நாணயத்தைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்கிறது, அருகிலுள்ளது படத்தில் பெரிதாகத் தெரிகிறது. கைப்பேசியைத் தட்டுக்கு அறுபது சென்டிமீட்டர் மேலே பிடித்து எடுத்தால் நீளத்தில் நான்கு விழுக்காடும் எடையில் ஏறத்தாழப் பதினான்கு விழுக்காடும் கூடுதலாக வந்துவிடும். கைப்பேசியை இன்னும் தாழ்த்தினால் பிழை இன்னும் பெரிதாகும்.

சிலர் நாணயத்தை மீனின் வயிற்றின்மேல் வைத்து எடுப்பார்கள். அப்போது பிழை மறுபக்கம் திரும்புகிறது. நாணயம் மேலே உயர்ந்துவிடுவதால் அதுவே பெரிதாகத் தெரிகிறது, மீன் உண்மையில் உள்ளதைவிடச் சிறியதாகக் கணக்கில் வருகிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. வீட்டில் நீங்களே படமெடுப்பதாக இருந்தால், உருளைக்கிழங்கை மீனின் தடிப்பில் பாதியளவுக்கு வெட்டி, அந்தத் துண்டை மீனுக்குப் பக்கத்தில் வைத்து அதன்மேல் நாணயத்தை வையுங்கள். நாணயமும் மீனின் ஓரக்கோடும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். விற்பவர் படமெடுப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கை வெட்டச் சொல்ல முடியாது. அவரிடம் ஒரே வகை நாணயங்கள் இரண்டைக் கேளுங்கள்: ஒன்று தட்டின்மேல் மீனுக்கு அருகில், இன்னொன்று மீனின் மிகத் தடித்த இடத்தின்மேல், சரியாமல் படுத்திருக்கும்படி. கீழே உள்ளது சற்றுச் சிறிதாகவும் மேலே உள்ளது சற்றுப் பெரிதாகவும் படத்தில் வரும். இரண்டின் சராசரி, நடு உயரத்தில் ஒரு நாணயம் இருந்திருந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்குமோ அதற்கு மிக அருகில் இருக்கும். கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே தெரியாமல் பிழையைத் திருத்திக்கொள்ள முடிவது இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

படமெடுத்தல்

மீனைப் பக்கவாட்டில் நேராகப் படுக்க வையுங்கள். வளைந்த பாத்திரத்தில் சுருண்டு கிடக்கும் மீனை அளப்பது வீண் வேலை. எடுப்பவர் நிற்கும் திசையிலிருந்து பார்க்கும்போது மீன் இடமிருந்து வலமாகக் கிடக்க வேண்டும், அவருக்கு எதிரே நீளவாக்கில் கிடக்கக் கூடாது. காரணம், நின்றுகொண்டு குனிந்து எடுக்கும்போது கைப்பேசி பெரும்பாலும் முன்பின்னாகத்தான் சாய்கிறது. அந்தச் சாய்வு, முன்பின்னாக உள்ள அளவுகளைச் சுருக்குமே தவிர இடவலமாக உள்ள அளவுகளை அதிகம் பாதிக்காது. மீன் இடவலமாகக் கிடந்தால் சிறிது சாய்ந்து எடுத்த படத்திலும் அதன் நீளம் தப்பித்துவிடும்.

படம் சாய்ந்திருக்கிறதா என்பதை நாணயமே காட்டிக்கொடுக்கும். நேர் மேலிருந்து எடுத்தால் நாணயம் வட்டமாகத் தெரியும், சாய்ந்தால் முட்டை வடிவாகும். அந்த முட்டை வடிவத்தின் நீண்ட விட்டமே நாணயத்தின் உண்மையான விட்டத்தைக் குறிக்கிறது, குறுகிய விட்டம் சாய்வினால் சுருங்கியது. ஆகவே எப்போதும் நீண்ட விட்டத்தையே அளக்க வேண்டும். அது மீனின் நீளத்துக்கு இணையாக இருந்தால் படம் பயன்படும். அது மீனுக்குக் குறுக்கே இருந்தால், சாய்வு மீனின் நீளத்தையே சுருக்கியிருக்கிறது என்று பொருள். அத்தகைய படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வதே நல்லது.

கைப்பேசியை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தொலைவினால் வரும் பிழைகள் எல்லாமே குறையும். அகலக் காட்சி எடுக்கும் கேமராவைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது படத்தின் ஓரங்களை இழுத்துக் காட்டும். மூலையில் வைத்த நாணயம் அதில் உருமாறிவிடும். நாணயம் மீனின் வயிற்றுப் பகுதிக்கு அருகில், படத்தின் நடுவை ஒட்டி இருக்கட்டும். படத்தை வழக்கமான முறையில் புலனத்தில் அனுப்பினால் அது அளவில் குறைக்கப்பட்டுவிடுகிறது என்பதால், உயர்தரமாகவோ ஆவணமாகவோ அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாணயத்தின் விட்டம் படத்தில் நூறு புள்ளிகளுக்குக் குறையாமல் இருந்தால்தான் அளவு நம்பகமாக இருக்கும். நூறு புள்ளியில் ஒரு புள்ளி தவறினால் நீளத்தில் ஒரு விழுக்காடு, எடையில் மூன்று விழுக்காடு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

படத்தை அளத்தல்

மிக எளிய வழி, படத்தைக் கணினித் திரையில் திறந்து, திரையின்மேல் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் அளப்பது. நாணயத்தையும் மீனையும் ஒரே பெருக்கத்தில் அளக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மீன் திரைக்குள் அடங்கும்போது நாணயம் மிகச் சிறிதாகிவிடுவதால் இந்த வழியில் துல்லியம் குறைவுதான், ஆயினும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்.

கொஞ்சம் கூடுதல் துல்லியம் வேண்டுவோர் ImageJ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதில் படத்தைத் திறந்து, நேர்கோட்டுக் கருவியால் நாணயத்தின் ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை கோடு இழுத்தால் எத்தனை புள்ளிகள் என்று காட்டும். கோடு இழுக்கும்போது படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். நாணயத்தின் நிழலையும் சேர்த்து அளந்துவிடுவது வழக்கமான பிழை என்பதால் விளிம்பு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து இழுக்க வேண்டும். பிறகு மீனின் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை இன்னொரு கோடு. மீன் சற்று வளைந்திருந்தால், ஒடிந்து செல்லும் கோட்டுக் கருவியை எடுத்து உடலின் நடுவரியை ஒட்டிப் பல துண்டுகளாக அளக்கலாம்.

வால் நுனி என்பது எது என்பதில் ஒரு முடிவு தேவை. சியாக்காப்பின் வால் உருண்டையாக முடிவதால் கடைசி நுனி வரை அளப்பதில் குழப்பமில்லை. கெம்போங், தெங்கிரி போன்றவற்றின் வால் கவைபோல் பிரிந்திருக்கும், அந்த நுனிகள் பெட்டியில் அடுக்கும்போதே முறிந்துவிடுவதும் உண்டு. அவற்றுக்குக் கவை பிரியும் பள்ளம் வரை அளப்பதே மேல். எந்த அளவை எடுத்தாலும் அதையே கடைசிவரை பின்பற்ற வேண்டும். ஒரு நாள் நுனி வரை, மறுநாள் பள்ளம் வரை என்று மாற்றி அளந்தால் அடுத்துச் சொல்லப்போகும் எண் பயனற்றதாகிவிடும்.

உடல்வாகு எண்

நீளம் கிடைத்த பிறகு அதை எடையாக மாற்ற ஒவ்வொரு மீன் இனத்துக்கும் ஓர் எண் தேவை. அதை நான் உடல்வாகு எண் என்று அழைக்கிறேன். கணக்கு இவ்வளவுதான்:

```
எடை (கிராம்) = எண் × நீளம் × நீளம் × நீளம் (செ.மீ.)
```

வழக்கமான மீன் வடிவுடைய இனங்களுக்கு இந்த எண் 0.01ஐ ஒட்டி இருக்கும். வாவல் மீன் போன்று குட்டையாகவும் உயரமாகவும் உள்ளவற்றுக்கு அது இருமடங்கையும் தாண்டும். வாளை மீன் போன்று நாடாவாக நீண்டவற்றுக்கு மிகமிகக் குறைவு. பொதுவான எண்ணை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் விடை ஓரளவு சரியாக வரலாம், ஆனால் அதை நம்பி மீன் வாங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் மீனை நீங்களே நிறுத்து உருவாக்கும் எண்ணே நம்பத்தக்கது. கூண்டில் வளர்த்த சியாக்காப் நன்கு தீனி தின்று கொழுத்திருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் பிடிபட்டது அதே நீளத்தில் மெலிந்திருக்கலாம். நீங்கள் வாங்கும் இடத்தின் மீனுக்கு எந்த எண் பொருந்தும் என்பதை உங்கள் சமையலறைத் தராசுதான் சொல்ல முடியும்.

எண்ணைக் காண்பதற்கு, வயிறு கிழிக்காத முழு மீனை மின்னிலக்கத் தராசில் நிறுங்கள், நாடாவால் அல்லாமல் நேரான அளவுகோலால் நீளத்தை அளங்கள், எடையை நீளத்தின் மும்மடியால் வகுங்கள். எடுத்துக்காட்டாக, 34.2 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் 515 கிராம் இருந்தால் எண் 0.0129. 38.5 சென்டிமீட்டர் மீன் 722 கிராம் என்றால் 0.0127. 41 சென்டிமீட்டர் மீன் 890 கிராம் என்றால் மீண்டும் 0.0129. மூன்றின் சராசரியாக 0.0128 என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று எண்களும் இப்படி நெருங்கி வந்தால் உங்கள் அளவுமுறை சீராக இருக்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் வெகுவாக விலகினால், அந்த மீன் சினை பிடித்ததா, வால் முறிந்ததா, தராசில் பனிக்கட்டியும் சேர்ந்து ஏறியதா என்று பாருங்கள்.

எண்ணோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்வது பயன்தரும். மீனின் உடல் மிக உயரமாக உள்ள இடத்தில், துடுப்பைச் சேர்க்காமல், முதுகிலிருந்து வயிறு வரை அளந்து அது நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று எழுதி வையுங்கள். பின்னர் படத்தில் வரும் மீனில் அந்தப் பங்கு வெகுவாக மாறுபட்டால், அது உங்கள் எண்ணுக்குப் பொருந்தாத உடல்வாகு கொண்டது என்று கணக்கிடும் முன்பே தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை

படத்தில் ஒரு சியாக்காப் இடவலமாகக் கிடக்கிறது. பொன்னிற 50 காசு நாணயம் ஒன்று தட்டிலும் மற்றொன்று மீனின்மேலும் உள்ளன. தட்டில் உள்ளதன் நீண்ட விட்டம் 161 புள்ளிகள், மீன்மேல் உள்ளது 175 புள்ளிகள். இரண்டின் சராசரி 168. நாணயத்தின் உண்மை விட்டம் 22.65 மில்லிமீட்டர் என்பதால், மீனின் நடு உயரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 7.417 புள்ளிகள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 2,670 புள்ளிகள். வகுத்தால் 360 மில்லிமீட்டர், அதாவது 36 சென்டிமீட்டர்.

```
168 ÷ 22.65          = 7.417
2670 ÷ 7.417         = 360
36 × 36 × 36         = 46656
46656 × 0.0128       = 597
```

விடை ஏறத்தாழ 597 கிராம். இதே படத்தில் தட்டிலுள்ள நாணயத்தை மட்டும் நம்பியிருந்தால் நீளம் 37.6 சென்டிமீட்டராகவும் எடை 678 கிராமாகவும் வந்திருக்கும். மீன்மேல் உள்ளதை மட்டும் எடுத்திருந்தால் நீளம் 34.6 சென்டிமீட்டர், எடை 528 கிராம். இரண்டுக்கும் இடையே நூற்றைம்பது கிராம் வேறுபாடு இருப்பதைப் பார்த்தால் இரண்டு நாணயங்களைக் கேட்பது ஏன் என்பது விளங்கும். இரண்டு நாணயங்களும் ஒரே அளவாகத் தெரியும் ஒரு படம் வந்தால் கேமரா மிகத் தொலைவில் இருந்திருக்க வேண்டும், இல்லையேல் நாணயங்கள் இரண்டும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். முன்னது நல்லதே. பின்னதா என்பதை நாணயங்களின் நிறத்தையும் அவற்றில் பொறித்துள்ள எண்ணையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த 597ஐக் கடைசி இலக்கம் வரை உண்மையென்று கொள்ளக் கூடாது. மீனுக்கு மீன் உடல்வாகு மாறுவதையும் கோடு இழுப்பதில் வரும் சிறு பிழையையும் சேர்த்துப் பார்த்தால், “550 முதல் 650 கிராம் வரை இருக்கும்” என்று விற்பவரிடம் சொல்வதே நேர்மையான விடை. நீராவியில் வேகவைக்க ஒரு தட்டுக்குப் பொருந்துமா, நான்கு பேருக்குப் போதுமா என்று தீர்மானிக்க இந்த இடைவெளி தாராளமாகப் போதும். விலை பேசி முடிப்பதற்குத் தராசுதான் ஆதாரம். விற்பவர் தராசில் நிறுத்த எடை நம் கணிப்பிலிருந்து விலகினால், முதலில் நம் படத்தையும் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். குடலும் செதிலும் நீக்கிய பிறகு நிறுத்தாரா என்றும் கேட்க வேண்டும். சுத்தம் செய்த மீன் முழு மீனைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்து நிற்பது இயல்பு.

காய்கறிகளுக்கு

காய்கறியில் இதே நாணயம், இதே உயரத் திருத்தம், ஆனால் கணக்கு வேறு. மீனுக்கு இருப்பதுபோல் ஒரு நிலையான உடல்வாகு காய்களுக்கு இல்லை. ஒரே கொடியில் காய்த்த வெள்ளரிகள்கூட ஒன்று ஒல்லியாகவும் ஒன்று பருத்தும் இருக்கும். ஆகவே நீளத்தோடு அகலத்தையும் அளந்து கன அளவைக் காண வேண்டும். வெள்ளரிக்காயை நீளவாக்கில் மூன்று சமபாகங்களாக மனத்தில் பிரித்து, ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் அகலத்தை அளங்கள். நீளம் 20 சென்டிமீட்டர், அகலங்கள் 4.2, 4.8, 4.4 என்று வைத்துக்கொள்வோம். அகலங்களைத் தனித்தனியே வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் 20 வரும். அதை 0.785ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் 314 கன சென்டிமீட்டர். கன அளவை எடையாக மாற்ற இங்கும் ஓர் எண் வேண்டும், அதையும் ஒரு வெள்ளரியை நிறுத்தே காண வேண்டும். முனைகள் கூம்பி முடிவதையும் சேர்த்து அது ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். 0.93 என்று கிடைத்தால் விடை 292 கிராம்.

கத்தரிக்காயின் சதை காற்று நிறைந்த பஞ்சுபோன்றது என்பதால் அதன் எண் வெள்ளரியினுடையதைவிட வெகுவாகக் குறையும், தண்ணீரில் போட்டால் அது உயர்ந்து மிதப்பதிலிருந்தே இதை அறியலாம். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பூசணிக்கும் பாகற்காய்க்கும் உள்ளே வெற்றிடம் எவ்வளவு என்பது வெளியிலிருந்து தெரியாது. முட்டைக்கோசு இறுகியதா தளர்ந்ததா என்பதைப் படம் காட்டாது. கீரைக் கட்டில் எது கீரை, எது காற்று என்று பிரிக்க முடியாது. இவற்றுக்கு நான் இந்த முறையைப் பரிந்துரைக்கமாட்டேன்.

வேலையை எளிதாக்க, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ கைப்பேசியின் குறிப்பிலோ ஒரு சிறு அட்டவணை வைத்துக்கொள்ளலாம். மீனின் பெயர், வால் நுனி வரையா கவைப் பள்ளம் வரையா என்ற குறிப்பு, உடல்வாகு எண், எந்தப் பக்கத்து மீனை நிறுத்து அந்த எண் கிடைத்தது என்ற விவரம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முழு மீனையும் கழுவுமுன் நிறுத்து, நீளத்தை அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தால், மழைக்கால மீனுக்கும் கூண்டு மீனுக்கும் தனித்தனி எண்கள் தேவையா என்பது தானாகத் தெரியவரும்.